பெனிற்றோயின்: ஒரு குளிசை கூடினால் குருதியில் நான்கு மடங்கு ஏறுவது ஏன்?

தலையில் எறிகணைச் சிதறலோ துப்பாக்கிச் சன்னமோ பாய்ந்து உயிர் தப்பியவர்களுக்கு வலிப்பு பிற்காலத்தில் வருவது அரிதல்ல. வியட்நாம் போரில் மண்டையோட்டைத் துளைத்த காயங்களோடு தப்பிய அமெரிக்கப் படையினரைச் சுமார் 15 ஆண்டுகளுக்குப் பின் பரிசோதித்தபோது, அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வலிப்பு வந்திருந்தது. சிலருக்கு முதல் வலிப்பே காயம் ஆறிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. இப்படியான வலிப்புக்கு நீண்ட காலமாகக் கொடுக்கப்பட்டு வரும் மருந்துகளில் ஒன்று பெனிற்றோயின். 1938இல் மெரிற், புற்னம் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள் இதை வலிப்பு மருந்தாக அறிமுகப்படுத்தினார்கள். விலை குறைவு, வேலையும் செய்யும். ஆனால் மற்ற மருந்துகளிடம் பெரும்பாலும் இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. அளவைச் சிறிது கூட்டினால் குருதியில் மருந்து பல மடங்கு ஏறிவிடும்.

இந்த மருந்தை வருடக்கணக்காக எடுப்பவர்களும், அவர்களைப் பராமரிக்கும் வீட்டாரும் இதன் காரணத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஈரலின் எல்லை

நாம் விழுங்கும் பெனிற்றோயினை உடல் வெளியேற்றுவதற்கு முன் ஈரல் அதை வேறு பொருளாக மாற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்பவை ஈரலில் உள்ள நொதியங்கள். பெரும்பகுதியைச் செய்வது CYP2C9 என்ற ஒரே நொதியம்.

ஒரு சங்கக்கடையை நினைத்துப் பாருங்கள். சாமான் நிறுத்துக் கொடுக்க நாலு பேர் நிற்கிறார்கள். நாளைக்கு நூறு பேர் வந்தால் வந்தவுடனேயே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இருநூறு பேர் வந்தால் கொடுப்பவர்களின் கை இன்னும் வேகமாக ஓடும், வரிசை பெரிதாகாது. ஆனால் அந்த நாலு பேராலும் ஒரு நாளில் கொடுக்கக்கூடியது ஆக 450 பேருக்குத்தான் என்று வையுங்கள். வருகிறவர்கள் 400ஐத் தாண்டியதும் வரிசை தெருவுக்கு வந்துவிடும். 450ஐத் தாண்டினால் வரிசை முடியவே முடியாது. ஒவ்வொரு நாளும் நீண்டுகொண்டே போகும்.

பல மருந்துகள் வழக்கமாகக் கொடுக்கப்படும் அளவில் இந்த எல்லைக்குக் கிட்டவும் வருவதில்லை. அதனால் அளவை இரட்டித்தால் குருதியிலும் இரட்டிக்கும். பெனிற்றோயின் மட்டும் நோயைக் கட்டுப்படுத்தத் தேவையான அளவிலேயே ஈரலின் எல்லையை நெருங்கிவிடுகிறது. குருதியில் உள்ள மருந்து தான் அந்த வரிசை.

ஒரு கணக்கு

சுமார் 64 கிலோ எடையுள்ள ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பெரியவர்களின் ஈரல் சராசரியாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 7 மில்லிகிராம் பெனிற்றோயினைத்தான் மாற்றும். ஆகவே இவருடைய எல்லை ஏறத்தாழ 450 மில்லிகிராம். குருதியில் ஒரு லீற்றருக்கு 4 மில்லிகிராம் இருக்கும்போது ஈரல் தன் முழு வேகத்தில் பாதியைத் தொட்டுவிடும். இந்த இரண்டு எண்களும் போதும். தினமும் எடுக்கும் அளவை 4ஆல் பெருக்கி, 450இலிருந்து அந்த அளவைக் கழித்து வருவதால் வகுத்தால், குருதியில் இறுதியாக நிலைக்கும் அளவு கிடைக்கும்.

இவர் தினமும் 100 மில்லிகிராம் குளிசை மூன்று எடுக்கிறார். 300ஐ 4ஆல் பெருக்க 1200, 450இல் 300 போக 150, வகுத்தால் 8. விரும்பத்தக்க அளவு 10 முதல் 20 வரை. இவருக்கு இன்னும் இடைக்கிடை வலிப்பு வருகிறது. "இன்னொரு குளிசை போடுவோம்" என்று 400 ஆக்கினால் என்ன நடக்கும்? 1600ஐ 50ஆல் வகுக்க வேண்டும். விடை 32.

மருந்து மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. குருதியில் அது நான்கு மடங்காகி, தேவையான அளவை ஒரேயடியாகத் தாண்டி நச்சு அளவுக்குப் போய்விட்டது. அதே ஆளுக்கு 350 கொடுத்திருந்தால் 14 வந்திருக்கும். நடுவில் அழகாக நின்றிருக்கும். 375 கொடுத்திருந்தால் சரியாக 20, விளிம்பு. 425 என்றால் 68. 450 என்றால் எந்த அளவிலும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும்.

இதனால்தான் அளவைக் கூட்டும்போது வைத்தியர்கள் முதலில் குருதியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். 7க்குக் கீழே இருந்தால் 100 மில்லிகிராம் கூட்டலாம் என்பது பொதுவான வழக்கம். 7க்கும் 12க்கும் இடையில் என்றால் 50. அதற்கு மேலே என்றால் 25 அல்லது 30 மட்டுமே. மேலே ஏற ஏற அடி சிறிதாக வைக்க வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். 450 என்பது இந்த உதாரண மனிதரின் எண். ஒரே எடையுள்ள இருவரின் ஈரலும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. பிறப்பிலேயே அந்த நொதியம் மெதுவாக இயங்குபவர்களுக்கு 300 மில்லிகிராமே நச்சாகலாம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் நாலு குளிசை எடுத்துச் சுகமாக இருக்கிறார் என்பது உங்களுக்குக் கணக்காகாது.

நாள்கள் போன பிறகே தெரியும்

எல்லையை நெருங்கும்போது அளவு மட்டும் கூடுவதில்லை. அது நிலைக்க எடுக்கும் காலமும் நீளுகிறது. நமது உதாரணத்தில் 300 மில்லிகிராமில் இறுதி அளவைக் கிட்டத்தட்ட எட்ட ஒரு வாரத்துக்கும் குறைவான காலம் போதும். 350இல் அது 12 நாள் அளவில் ஆகும். 400இல் ஆறு வாரம்.

ஆபத்து ஒளிந்திருப்பது இங்கேதான். அளவைக் கூட்டி ஒரு வாரத்தில் பரிசோதித்தால் குருதியில் நல்ல அளவு இருப்பதாகவே முடிவு வரும். ஆளும் உற்சாகமாக இருப்பார். கிளினிக் திகதி அடுத்த மாதத்துக்கு எழுதப்படும். அந்த இடைவெளியில் மருந்து சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். ஒரு மாதத்துக்குப் பிறகு தள்ளாட்டம் தொடங்கும்போது, ஆறு வாரத்துக்கு முன் கூட்டிய ஒரு குளிசையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

எப்படிக் கண்டுகொள்வது?

அடையாளங்கள் பெரும்பாலும் ஒரு ஒழுங்கில் வரும். 20ஐத் தாண்டும்போது பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால் கண்மணி துடித்துத் துடித்து அசையும். பார்வை இரட்டையாகத் தெரியலாம். 30ஐத் தாண்டினால் நடை தள்ளாடும், நாக்குக் குழறும், கை நடுங்கும். 40க்கு மேலே தூக்கம், குழப்பம், வாந்தி. மிக அதிகமானால் வலிப்பே கூடலாம். அப்போது மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டிவிடும் தவறு நடக்கக்கூடும்.

தள்ளாடி நடந்து குழறிப் பேசுபவரைக் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஊர் சொல்லும். தலையில் காயப்பட்டவர் என்றால் பழைய காயத்தின் விளைவு என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: கடந்த இரண்டு மாதத்துக்குள் மருந்தில் ஏதாவது மாறியதா?

குளிசை மாறினாலும் மாறும்

மாறியது குளிசையின் எண்ணிக்கையாகவே இருக்க வேண்டும் என்றில்லை. 1968இல் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், வழக்கமான அளவையே எடுத்துக்கொண்டிருந்த பல வலிப்பு நோயாளர்களுக்கு நச்சு அறிகுறிகள் தோன்றின. காரணத்தைத் தேடியபோது, கப்சியூலை நிரப்பச் சேர்க்கும் பொருள் மாற்றப்பட்டிருந்தது தெரியவந்தது. முன்பு கல்சியம் சல்பேற்று சேர்த்தார்கள். அது மருந்தின் ஒரு பகுதியைக் குடல் உறிஞ்ச விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக லக்ரோசு சேர்த்ததும் கூடுதலான மருந்து குருதிக்குள் போனது. உறை மீது எழுதியிருந்த 100 மில்லிகிராம் மாறவேயில்லை.

மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு மாதம் ஒரு நிறுவனத்தின் குளிசையும் அடுத்த மாதம் இன்னொன்றும் கிடைப்பதை நாம் கண்டிருக்கிறோம். குளிசையின் நிறமோ பெயரோ மாறியிருந்தால் பழைய உறையையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வேறு மருந்துகளும் ஈரலின் எல்லையையே குறைத்துவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட்டும், பூஞ்சணத் தொற்றுக்கான புளுக்கொனசோலும் அப்படியானவை. மாறாக றிபாம்பிசின் நொதியத்தைக் கூட்டிப் பெனிற்றோயினைக் குறைத்து, வலிப்பைத் திரும்ப வரச் செய்யலாம். ஆகவே எந்த வைத்தியரிடம் போனாலும் பெனிற்றோயின் எடுப்பதைச் சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொல்வதன் தேவை

இன்னொரு வழியிலும் இந்த மருந்து நச்சாகும். பஸ் காசு இல்லாமல் ஒரு கிளினிக்கைத் தவறவிட்டு, இருக்கும் குளிசையை ஒன்றுவிட்ட நாள் எடுத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. குருதியில் அளவு குறைவாகக் காணப்படும். "ஒழுங்காக எடுக்கிறேன்" என்று சொன்னால் வைத்தியர் அளவைக் கூட்டுவார். பிறகு வீட்டார் கவனித்துத் தினமும் கொடுக்கத் தொடங்கினால், கூட்டிய அளவு முழுவதும் உள்ளே போகும். பேச்சு வாங்க நேரும் என்று மறைப்பதைவிட, விட்ட நாள்களைச் சொல்லிவிடுவதே பாதுகாப்பு. விட்ட குளிசைக்காக அடுத்த நாள் இரண்டு மடங்கு எடுக்கவும் கூடாது.

குருதிப் பரிசோதனை முடிவிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பெனிற்றோயினில் பத்தில் ஒன்பது பங்கு குருதியில் உள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டியிருக்கும். ஒட்டாத ஒரு பங்குதான் மூளையில் வேலை செய்யும். உணவுக் குறைவாலோ ஈரல், சிறுநீரக நோயாலோ அல்புமின் குறைந்தவருக்கு ஒட்டாத பங்கு கூடியிருக்கும். அவருக்கு 9 என்ற முடிவு குறைவாகத் தோன்றினாலும் உண்மையில் போதுமானதாகவோ அதிகமாகவோ இருக்கலாம். சிறுநீரக நோய் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தள்ளாட்டம் கண்டவுடன் மருந்தைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய், எத்தனை குளிசை, எப்போது கூட்டியது, வேறு என்ன மருந்து என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். நச்சு அளவிலும் ஈரல் தன் எல்லைக்குட்பட்ட வேகத்தில்தான் வேலை செய்யும். நமது உதாரண மனிதரில் 32 என்ற அளவு, மருந்தை நிறுத்தி வைத்தாலும், ஒரு நாளில் 10 அளவுக்கே குறையும். எத்தனை வேளை நிறுத்துவது, எப்போது, எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்பதை அங்கே பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் அளவு மாறிய ஒவ்வொரு திகதியையும், அப்போதைய குளிசையின் பெயரையும் எழுதி வையுங்கள். ஆறு வாரம் கழித்து வரும் தள்ளாட்டத்துக்குக் காரணம் தேடும்போது வைத்தியருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் திகதிதான்.