திறப்புத் துளை எந்தப் பக்கம்?

பழைய ஆமைப்பூட்டொன்றின் படம் கிடைத்தால் முதலில் திறப்புத் துளையைத் தேடுங்கள். சீனத்துப் பழைய பித்தளைப் பூட்டு படுக்கையாக, நீளமாக இருக்கும். துளை பெரும்பாலும் முன்முகத்தில் இராது; ஒரு பக்க முனையில் இருக்கும். அப்படியென்றால் உள்ளே சுழலும் பாகம் கிடையாது, வில்தகடுகள்தான். பூட்டும்போது தண்டோடு ஒடுங்கி உள்ளே போகும் தகடுகள், போனதும் விரிந்து திரும்பி வரவிடாமல் தடுக்கும்.

திறப்பைத் திருகாமல் தள்ள வேண்டும். அதன் நுனி தகடுகளை அமுக்கியதும் தண்டு மறுமுனையால் வழுக்கி வெளியே வரும். ரோமரும் வைக்கிங்குகளும் பயன்படுத்தியது இதே முறைதான்!

எத்தனை தகடுகள் என்பதை வெளித்தோற்றம் சொல்லாது. திறப்பும் படத்தில் இருந்தால் அதன் நுனி வெட்டைப் பாருங்கள். தகடுகளின் அமைப்புக்கு ஏற்பவே அது வெட்டப்பட்டிருக்கும். இதையறியாமல் பலமாகத் திருகினால் திறப்பு முறியலாம்.

துளை முன்முகத்தில், அதன்மேல் நகரும் சிறு மூடியோடு இருந்தால் கதை வேறு. அது திருகித் திறக்கும் பூட்டு.