அழகான பழைய மரமேசை: பெயரடைகளின் வரிசையும் தொகையின் இறுக்கமும்

ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1955இல் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனுக்கு எழுதிய கடிதமொன்றில் தம் ஏழு வயதில் நடந்ததைச் சொல்கிறார். அப்போது டிராகனைப் பற்றி ஒரு கதை எழுதியிருக்கிறார். அம்மா டிராகனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘கிரீன் கிரேட் டிராகன்’ என்று எழுதக் கூடாது, ‘கிரேட் கிரீன் டிராகன்’ என்றுதான் எழுத வேண்டும் என்று மட்டும் திருத்தினார். ஏன் அப்படி என்பது அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை என்கிறார், ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில மொழிப் பேராசிரியராக இருந்த டோல்கீன்.

இந்தக் கேள்விக்கு ஆங்கில இலக்கண நூல்கள் ஒரு பட்டியலை விடையாகத் தருகின்றன. கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், பிறப்பிடம், செய்பொருள், பயன் என்பது அதன் பரவலான வடிவம். 2013இல் வந்த மார்க் ஃபோர்சித்தின் நூல் வழியாக அது பொது வாசகரிடையேயும் புகழ்பெற்றது. ‘லவ்லி ஓல்டு வுடன் டேபிள்’ என்ற தொடர் பட்டியலுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பட்டியல் வழக்கை வருணிக்கிறதே தவிர, வழக்குக்குக் காரணம் சொல்வதில்லை. வயதுக்குப் பின் ஏன் நிறம், நிறத்துக்குப் பின் ஏன் மரம் என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது.

காரணம் தேடியவர்களில் ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ பெகாகல் முன்னோடி. மனத்தில் நெருங்கியிருப்பவை சொற்றொடரிலும் நெருங்கி நிற்கும் என்று 1932இல் அவர் ஒரு விதி வகுத்தார். நல்ல விதிதான், ஆனால் நெருக்கத்தை எதைக்கொண்டு அளப்பது? 2017இல் கிரெகரி ஸ்கோன்ட்ராஸ், ஜூடித் டேகன், நோவா குட்மன் ஆகிய மூவரும் அதற்கு ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். ஒரு பொருளைக் காட்டி ஒருவர் ‘இது பழையது’ என்கிறார், இன்னொருவர் ‘இல்லை’ என்கிறார். இருவர் சொல்வதும் சரியாக இருக்க முடியுமா, அல்லது ஒருவராவது தவறியிருக்க வேண்டுமா? இப்படி 26 ஆங்கிலப் பெயரடைகளைப் பற்றிக் கேட்டார்கள். ‘அழகானது’ என்பதில் இருவரும் மாறுபட்டாலும் யார் மேலும் பிழையில்லை. ‘மரத்தால் ஆனது’ என்பதில் மாறுபட்டால் ஒருவர் தவறுகிறார். எந்தச் சொல்லில் பிழையில்லாத கருத்து வேற்றுமைக்கு இடம் அதிகமோ அது பெயரைவிட்டு விலகி நிற்கும், இடம் குறைந்தது பெயரை ஒட்டி நிற்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பட்டியலின் வரிசை பெரும்பாலும் இந்த ஒரே அளவுகோலிலிருந்து தானாக வந்துவிடுகிறது. டோல்கீனின் டிராகன் பச்சையா இல்லையா என்பதில் சண்டை குறைவு, பெரிதா இல்லையா என்பதில் அதிகம்.

அப்படி இருப்பதால் கேட்பவருக்கு என்ன லாபம்? ஒரு மரச்சாமான் கடையை எடுத்துக்கொள்வோம். அங்கே 12 மேசைகள். 8 பிளாஸ்டிக் மேசைகளுக்கு வயது 2 முதல் 6 ஆண்டு வரை. நான்கு தேக்கு மேசைகளுக்கு முறையே 10, 15, 40, 60 ஆண்டு. பழைய மேசை எது என்று பன்னிரண்டையும் வைத்து முதலில் தீர்மானித்தால் நான்கு தேக்கு மேசைகளும் பழையவை ஆகிவிடும். ‘பழைய’ என்ற சொல் ‘மர’ என்ற சொல்லுக்குமேல் எதையும் கூட்டாது. மாறாக, மரமேசைகளை முதலில் பிரித்தெடுத்து, அவற்றுக்குள் பழையவை எவை என்று கேட்டால் 40, 60 வயதுள்ள இரண்டு மட்டும் நிற்கும். அந்த இரண்டில் அழகானது ஒன்று. சர்ச்சைக்கு இடமில்லாத சொல் கூட்டத்தை முதலில் குறுக்குகிறது. சர்ச்சைக்குரிய சொல்லுக்கு மிஞ்சுவது சிறு கூட்டம், பேசுபவரும் கேட்பவரும் பிரிய வாய்ப்பும் குறைவு. ‘பழைய’ என்பதற்கு நிலையான வயது வரம்பு ஒன்று இருந்திருந்தால் எந்த வரிசையில் வடிகட்டினாலும் ஒரே மேசைதான் கிடைக்கும், இந்த விளக்கமும் நிற்காது. வரம்பு கூட்டத்தைப் பொறுத்து மாறுவதால்தான் வரிசைக்கு வேலை இருக்கிறது.

இதுவரை சரி. ஆனால் தமிழுக்கு வந்தால், பொருளை மட்டும் வைத்துச் செய்யும் எந்த விளக்கமும் போதவில்லை என்பது என் வாதம். ‘பழைய மரமேசை’ இயல்பானது. ‘மரப் பழைய மேசை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘மரத்தாலான பழைய மேசை’ என்றாலோ தடையே இல்லை. செய்பொருள் அதே மரம், பிழையில்லாத கருத்து வேற்றுமைக்கு அதே அளவு இடம். மாறியது உருவம் மட்டுமே. நிறத்திலும் இதையே காணலாம்: ‘சிவப்புப் பெரிய பெட்டி’ இடறுகிறது, ‘சிவப்பான பெரிய பெட்டி’ இடறவில்லை.

இந்த வேறுபாட்டை நம் இலக்கணிகள் எப்போதோ வகைப்படுத்திவிட்டார்கள். தொகை என்பது ஒரு சொல் போல நடப்பது என்கிறது தொல்காப்பிய எச்சவியல். ஒரு சொல்லுக்கு நடுவே இன்னொரு சொல் எப்படி நுழையும்? ‘மரமேசை’க்கு நடுவே ‘பழைய’ நுழைய முடியாமைக்கு இதுவே காரணம். பெயரெச்சத்துக்கும் அது கொண்டு முடியும் பெயருக்கும் இடையே ஏற்ற சொற்கள் வரலாம் என்று நன்னூல் பொதுவியல் இடைப்பிறவரலில் இடம் கொடுக்கிறது. ‘ஆன’ ஏறிய வடிவங்கள் அந்தச் சலுகையைப் பெறுகின்றன. சீன மொழியிலும் இதற்கு இணை உண்டு. ‘ட’ என்ற இடைச்சொல் இல்லாமல் பெயரடைகளை அடுக்கினால் வரிசை கறார், அது சேர்ந்தால் வரிசை தளர்கிறது என்று ரிச்சர்டு ஸ்ப்ரோட்டும் சிலின் ஷீயும் 1991இல் காட்டினார்கள்.

அப்படியானால் கருத்துச்சார்பு என்ற அளவுகோலுக்குத் தமிழில் வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது ஒரு படி பின்னால் நின்று வேலை செய்கிறது. எந்தப் பண்பு தொகையாகும், எது ஆகாது என்பதில் அதன் கை தெரிகிறது. கல், மரம், பித்தளை ஆகியவை எளிதில் தொகையாகின்றன. அழகும் அருமையும் மோசமும் பேச்சில் ‘ஆன’ இல்லாமல் பெயருக்குமுன் நிற்பது அரிது. தொகைக்குள் புகுந்துவிட்ட கருத்துச்சொல்லோ தன் கருத்தையே இழந்துவிடுகிறது. ‘கெட்டுப்போன நல்லெண்ணெய்’ என்பதில் முரண் ஏதும் நமக்குப் படுவதில்லை; அங்கே ‘நல்’ பாராட்டு அல்ல, எண்ணெயின் வகை. காய்கறிக் கடையில் ‘பெரிய சின்ன வெங்காயமா பாத்துப் போடுங்க’ என்று கேட்பவரை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ‘சின்ன’ அங்கே அளவு பேசவில்லை, இனம் பேசுகிறது. இரண்டு சொல்லையும் இடம் மாற்றி ‘சின்னப் பெரிய வெங்காயம்’ என்றால் கடைக்காரர் கை வேறு கூடைக்குப் போகும். பட்டியலின்படி இரண்டும் அளவு என்ற ஒரே கட்டம். அது இந்த இரண்டு வெங்காயத்தையும் பிரித்துக் காட்டாது.

கருத்துச்சார்பு விளக்கம் கைவிடும் இடம் ஒன்று இரு மொழிகளுக்கும் பொது. மரத்தால் செய்த, சாப்பிடப் பயன்படும் மேசையைத் தமிழில் ‘மரச் சாப்பாட்டு மேசை’ என்கிறோம், ஆங்கிலத்தில் ‘வுடன் டைனிங் டேபிள்’ என்கிறார்கள். இரண்டு அடையிலும் சர்ச்சைக்கு ஏறக்குறைய இடமே இல்லை. ஆகவே எது முன், எது பின் என்று இந்த அளவுகோல் சொல்ல முடியாது. இருந்தும் ‘சாப்பாட்டு மரமேசை’ நமக்கும் தட்டுகிறது, வரிசை மாறினால் ஆங்கிலேயருக்கும் தட்டுகிறது. மேசையை இன்ன வகை மேசை ஆக்குவது அதன் பயன். மரத்துக்குப் பதில் இரும்பில் செய்தாலும் அது சாப்பாட்டு மேசைதான். சாப்பாட்டுக்குப் பதில் எழுத வைத்தால் வேறு மேசை. வகையைத் தீர்மானிக்கும் அடை பெயரை ஒட்டி நிற்கிறது என்று இங்கே சொல்லலாம், பெகாகலின் நெருக்கமும் அதுதான். ஆனால் வகையைத் தீர்மானிப்பது எது என்பதற்குக் கடையில் கேட்டுப் பார்க்கத் தக்க எளிய சோதனை, கருத்து வேற்றுமைச் சோதனையைப் போல ஒன்று, இன்னும் வகுக்கப்பட வேண்டும். தொகைகளை இத்தனை நுட்பமாகப் பிரித்த மரபில் அதற்கான சான்றுகளைத் தேடத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும்: வேற்றுமைத்தொகையும் வினைத்தொகையும் ஒரே பெயருக்குமுன் அடுக்கி வரும்போது எது உள்ளே நிற்கிறது என்பதிலிருந்து.