தேர்ந்த வீழ்படிவாக்கம்: எஞ்சும் செறிவு

ஒரே கரைசலில் இரண்டு உலோக அயனிகள் இருக்கும்போது, வீழ்படிவாக்கும் காரணியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஒன்றை மட்டும் பிரிப்பது தேர்ந்த வீழ்படிவாக்கம் ஆகும். இரண்டாம் அயனி படியத் தொடங்கும் கணத்தில் முதல் அயனி எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதே பிரிப்பின் அளவுகோல். தொடக்க அளவில் 0.1 விழுக்காட்டுக்கும் குறைவாக எஞ்சினால் பிரிப்பு நிறைவானது என்பது வழக்கம்.

தூத்துக்குடிக் கடற்கரையில் உப்பளங்களுக்குப் பாய்ச்சப்படும் கடல்நீரை எடுத்துக்கொள்ளலாம். சராசரிக் கடல்நீரில் மக்னீசியம் ஏறத்தாழ 0.053 மோலார், கால்சியம் 0.010 மோலார். Mg(OH)₂-வின் கரைதிறன் பெருக்கம் 5.6 × 10⁻¹², Ca(OH)₂-வினுடையது 5.5 × 10⁻⁶. ஹைட்ராக்சைடு சேர்க்கும்போது மக்னீசியமே முதலில் படிகிறது.

கால்சியம் படியத் தொடங்கத் தேவையான [OH⁻]² = 5.5 × 10⁻⁶ ÷ 0.010 = 5.5 × 10⁻⁴. அப்போது எஞ்சும் மக்னீசியம்:

[Mg²⁺] = 5.6 × 10⁻¹² ÷ 5.5 × 10⁻⁴ ≈ 1.0 × 10⁻⁸ மோலார்

இது தொடக்க அளவில் ஏறத்தாழ 0.00002 விழுக்காடு, எனவே பிரிப்பு நிறைவானது. அவ்வளவு காரமும் தேவையில்லை: pH 11-இலேயே 5.6 × 10⁻⁶ மோலார், அதாவது 0.01 விழுக்காடுதான் எஞ்சும். சுண்ணாம்பு நீரையே காரமாகப் பயன்படுத்த முடிவது இதனால்தான். அதிலிருந்து வரும் கால்சியம் கரைசலிலேயே தங்கிவிடும்.

இக்கணக்கு நீர்த்த கரைசலுக்கானது. கடல்நீரின் உப்புச்செறிவு இம்மதிப்புகளை மாற்றும். கடல்நீரிலுள்ள பைகார்பனேட்டை முன்கூட்டியே நீக்காவிட்டால், கால்சியம் கார்பனேட்டும் உடன்படிந்து மக்னீசியத்தின் தூய்மையைக் கெடுக்கும். கூழ்போன்ற வீழ்படிவு பிற அயனிகளையும் பற்றிக்கொள்வதால் அதை நன்கு கழுவ வேண்டும்.