ஓர் அடி என்பது எது? தமிழ்ப் பெயர்த்தேடலில் ட்ரை அமைப்பும் நினைவகச் செலவும்

தட்டச்சு செய்யச் செய்ய மீதிப் பெயரை எடுத்துக்காட்டும் தேடல்பெட்டிக்குப் பின்னால் பெரும்பாலும் ட்ரை என்னும் மர அமைப்பு பேசப்படுகிறது. 1960இல் எட்வர்ட் ஃபிரெட்கின் இட்ட பெயர் அது. பாடநூல்கள் அதைக் கற்பிக்கும்போது ஒவ்வொரு கணுவிலும் 26 இடங்கள் கொண்ட அணியை வைக்கின்றன. ஆங்கிலச் சிற்றெழுத்துகளுக்கு அது போதும். தமிழுக்கு வரும்போது 26ஐ வேறோர் எண்ணாக மாற்றினால் முடிந்தது என்று கருதுவது தவறு. மரத்தில் ஓர் அடி என்று எதை வைத்துக்கொள்கிறோம், ஒரு கணு தன் கிளைகளை எப்படிச் சேமிக்கிறது என்ற இரண்டு முடிவுகளும் தனித்தனியானவை. முதலாவதைப் பயனரின் செயல் தீர்மானிக்க வேண்டும். நினைவகச் சிக்கலை இரண்டாவதில்தான் தீர்க்க வேண்டும்.

ஹைதராபாத்தின் காஞ்சன்பாக்கையும் அந்நகரின் வேறு நான்கு இடங்களையும் எடுத்துக்கொள்வோம்: காச்சிகுடா, சந்தோஷ்நகர், சம்பாபேட், சைதாபாத். மரத்தின் வேரிலிருந்து ஒவ்வோர் அடியாக இறங்கினால் ஒரு பெயர் உருவாகும். தொடக்கம் ஒன்றாக உள்ள பெயர்கள் அதுவரை ஒரே பாதையில் செல்லும். பெயர் முடியும் கணுவில் ஓர் அடையாளம் இடப்படும். ‘காஞ்சன்பாக்’ என்பதில் எழுத்துகள் 6. ஆனால் யூனிகோடில் க, ா, ஞ, ் என மெய்யுருவும் துணைக்குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால் அது 11 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் ஆவதால் 33 பைட். ஐந்து பெயர்களுக்கும் மரம் கட்டினால், வேரையும் சேர்த்து, எழுத்துவழியில் 26 கணுக்கள், குறிவழியில் 46, பைட்வழியில் 129 வருகின்றன.

எழுத்துவழி மரமே சிறியது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஒவ்வொரு கணுவிலும் 247 எழுத்துகளுக்கும் எட்டு பைட் சுட்டி வைத்தால் 26 கணுக்களுக்கு 51,376 பைட் வேண்டும். ‘ஷ்’ போன்ற கிரந்த எழுத்துகள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. குறிவழியில் தமிழ்த் தொகுதிக்குரிய 128 இடங்கள் வைத்தால் 46 கணுக்களுக்கு 47,104 பைட். கணு கூடியும் நினைவகம் குறைகிறது. ஆனாலும் பெயர்களின் மூல உரையே வெறும் 147 பைட்தான்! 46 கணுக்களில் உள்ள 5,888 இடங்களில் 45 மட்டுமே நிரம்பியிருக்கின்றன. செலவு முழுவதும் வெற்றிடங்களுக்கே போகிறது.

ஆகவே கணுவில் அணியைக் கைவிட வேண்டும். ஒவ்வொரு கணுவும் தன் குறி, முதல் பிள்ளையின் வரிசையெண், அடுத்த உடன்பிறப்பின் வரிசையெண் என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டால், கணுவுக்கு 12 பைட் வீதம் மொத்தம் 552 பைட் போதும். விலையாக, ஒவ்வோர் அடியிலும் உடன்பிறப்புகளை வரிசையாகப் பார்க்க வேண்டும். நிஜப் பெயர்ப்பட்டியல்களில் வேரை ஒட்டிய சில கணுக்களில்தான் அந்த வரிசை நீளும். 1968இல் டொனால்ட் மாரிசன் வெளியிட்ட பாட்ரிசியா முறையின் வழியில், கிளை பிரியாத நீண்ட சங்கிலிகளை ஒரே கணுவாக மடிக்கவும் செய்யலாம். நம் 46 கணுக்கள் அப்போது எட்டாகிவிடும்: வேர், ‘கா’, ‘ச’, ஐந்து முடிவுகள். ஆனால் பிறகு ‘சந்திராயன்குட்டா’ சேரும்போது சந்தோஷ்நகரின் மடிப்பை ‘சந்த’ வரை வெட்டிப் பிரிக்க வேண்டும். பட்டியல் அடிக்கடி மாறுமானால் இந்தச் சிக்கனம் நிரலைக் கடினமாக்கும்.

இனி அடியின் அளவு. தமிழ் விசைப்பலகையில் ‘காச்சிகுடா’வைத் தட்டுபவர் இடையில் ‘காச’ என்ற நிலையைக் கடக்கிறார். எழுத்துவழி மரத்தில் ‘ச’வும் ‘ச்’சும் வெவ்வேறு கிளைகள் என்பதால் அந்தக் கணத்தில் பரிந்துரை மறைந்து, புள்ளி வைத்ததும் திரும்ப வரும். குறிவழியில் இந்தத் தடுமாற்றம் இல்லை. அங்கே வேறொரு பழுது உண்டு. ‘தோ’வின் துணைக்குறியை U+0BCB என ஒரே குறியாகவும், U+0BC7, U+0BBE என இரண்டாகவும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றே. இயல்பாக்காமல் சேர்த்தால் சந்தோஷ்நகர் இருக்கும்போதே கிடைக்காது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு பெயர்களின் நீளம் 11, 12 என்று வேறுபட்டால் காரணம் இதுவே. சேர்க்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றுவதே தீர்வு.

அகரவரிசைப்படுத்திய பட்டியலில் இருகூறாக்கித் தேடினாலும் முன்னொட்டு கிடைக்குமே, மரம் எதற்கு என்பது வலுவான மறுப்பு. மாறாத சிறு பட்டியலுக்கு அதை ஏற்கிறேன். அங்கே ட்ரை வீண்செலவு. கட்டங்களில் சொல் தேடும் கணக்கில் நிலைமை வேறு. ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் எட்டுத் திசையில் நகரும்போது, இந்தத் தொடக்கத்தோடு ஏதேனும் சொல் இருக்கிறதா என்று ஒவ்வோர் அடியிலும் கேட்கிறோம். ட்ரையில் நிற்கும் கணுவே அதற்கு விடை: பொருந்தும் பிள்ளை இல்லையென்றால் அந்த வழியை அங்கேயே விட்டுவிடலாம், பின்வாங்கும்போது பெற்றோர் கணுவுக்குத் திரும்பினால் போதும். பட்டியலிலோ ஒவ்வோர் அடியிலும் எல்லைகளைப் புதிதாகத் தேட வேண்டும். அதோடு தமிழ்க் கட்டத்தில் ‘கா’, ‘ஞ்’ என முழு எழுத்துகளே நிற்பதால், பரிந்துரைக்கு ஒவ்வாத எழுத்துவழி மரம் இங்கே சரியானதாகிறது. இரண்டு பணிகளையும் செய்யும் மென்பொருள் ஒரே சொற்பட்டியலிலிருந்து இரு மரங்களைக் கட்டுவதே முறை. கிளைகளை அணியில் வைக்காதவரை அந்த இரட்டிப்பைத் தாங்கிக்கொள்ளலாம்.