இணை டி-சோதனை (பகுப்பாய்வு முறைகளின் ஒப்பீடு)

இணை டி-சோதனை என்பது, ஒரே மாதிரிகளை இரண்டு வெவ்வேறு முறைகளால் அளந்து பெற்ற முடிவுகளுக்கு இடையே முறை சார்ந்த வேறுபாடு உள்ளதா என்று அறியப் பயன்படும் புள்ளியியல் சோதனை ஆகும். ஒவ்வொரு மாதிரிக்கும் கிடைத்த இரு அளவீடுகளின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அவ்வேறுபாடுகளின் சராசரி சுழியிலிருந்து விலகியிருப்பது தற்செயலாக நிகழக்கூடியதா என்று இச்சோதனை பார்க்கிறது. வேதியியல் ஆய்வகங்களில் பழைய முறைக்குப் பதிலாகப் புதிய முறையைக் கொண்டுவரும்போது இது பெரிதும் பயன்படுகிறது.

இக்கட்டுரையில் நீரின் கடினத்தன்மையை அளக்கும் இரண்டு முறைகளின் ஒப்பீடு, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதி நீர்நிலைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கப்படுகிறது.

வரலாறு

டி-பரவலைக் கண்டறிந்தவர் வில்லியம் சீலி காசெட். இவர் டப்ளின் நகரிலுள்ள கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றிய வேதியியலர். 1908 ஆம் ஆண்டு பயோமெட்ரிக்கா இதழில் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் இவர் தம் கட்டுரையை வெளியிட்டார். அதில் அவர் காட்டிய முதல் எடுத்துக்காட்டே இணையான அளவீடுகளைப் பற்றியது. பத்து நோயாளிகளுக்கு இரண்டு உறக்க மருந்துகள் கொடுக்கப்பட்டபோது, ஒவ்வொருவருக்கும் கூடுதலாகக் கிடைத்த உறக்க நேரத்தை அவர் ஒப்பிட்டார்.

இணைப்பதன் தேவை

காவிரி ஆறு முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே திருவரங்கம் தீவு அமைந்துள்ளது. ஆற்று நீர் பொதுவாக மென்மையானது. ஆழ்துளைக் கிணற்று நீர் பாறையிலும் மண்ணிலும் உள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொள்வதால் கடினமானது. எனவே இப்பகுதியில் பல இடங்களில் எடுக்கும் மாதிரிகளின் கடினத்தன்மை ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடக்கூடும்.

இத்தகைய மாதிரிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒரு முறையால் அளந்து ஒப்பிட்டால், முறைகளின் சிறிய வேறுபாடு இடங்களின் பெரிய வேறுபாட்டில் மறைந்துவிடும். ஒரே மாதிரியை இரு முறைகளாலும் அளந்து கழிக்கும்போது இடத்தின் தாக்கம் நீங்கிவிடுகிறது. முறைகளின் வேறுபாடு மட்டும் எஞ்சுகிறது.

ஒப்பிடப்படும் முறைகள்

முதல் முறை ஈடிடிஏ தரம்பார்த்தல் ஆகும். 50 மி.லி. நீரில் அம்மோனியாத் தாங்கல் கரைசலைச் சேர்த்து பி.எச். மதிப்பை 10 அளவில் வைத்து, எரியோகுரோம் பிளாக்-டி நிறங்காட்டி இடப்படுகிறது. பின்னர் 0.01 மோலார் ஈடிடிஏ கரைசல், கரைசலின் நிறம் ஒயின் சிவப்பிலிருந்து நீலமாக மாறும் வரை பியூரெட்டிலிருந்து விடப்படுகிறது. இக்கரைசலின் 1 மி.லி., 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம்.

இரண்டாம் முறையில் அணு உட்கவர் நிறமாலைமானியால் கால்சியம், மக்னீசியம் ஆகியவை தனித்தனியே அளக்கப்பட்டு, பின்வரும் வாய்பாட்டால் கடினத்தன்மை கணக்கிடப்படுகிறது.

```
கடினத்தன்மை = 2.497 × Ca + 4.118 × Mg
```

இரு முறைகளின் முடிவும் லிட்டருக்கு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் (மி.கி./லி.) என்ற அலகில் கூறப்படுகிறது.

எடுத்துக்காட்டு

கீழுள்ள எண்கள் கணக்கை விளக்குவதற்காக அமைக்கப்பட்டவை. அவ்விடங்களில் அளக்கப்பட்டவை அல்ல.

| மாதிரி | தரம்பார்த்தல் | நிறமாலைமானி | வேறுபாடு (d) |
|---|---|---|---|
| காவிரி, அம்மா மண்டபம் | 124 | 121 | 3 |
| கொள்ளிடம் | 138 | 136 | 2 |
| திருவரங்கம், ஆழ்துளைக் கிணறு | 206 | 199 | 7 |
| திருவானைக்காவல், கிணறு | 252 | 248 | 4 |
| உறையூர் | 310 | 311 | −1 |
| தில்லைநகர் | 346 | 340 | 6 |
| கே.கே. நகர் | 418 | 412 | 6 |
| திருவெறும்பூர் | 482 | 477 | 5 |

வேறுபாடுகளின் கூடுதல் 32, மாதிரிகள் 8, ஆகவே சராசரி வேறுபாடு 4 மி.கி./லி. ஒவ்வொரு வேறுபாட்டிலிருந்தும் 4-ஐக் கழித்து, வர்க்கப்படுத்திக் கூட்டினால் 48 கிடைக்கும். இதை 7-ஆல் (மாதிரிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) வகுத்து வர்க்கமூலம் கண்டால் திட்ட விலக்கம் 2.62 ஆகும். இதை 8-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சராசரியின் திட்டப் பிழை 0.926 கிடைக்கிறது.

```
t = 4 / 0.926 = 4.32
```

டி-அட்டவணையில் 7 என்ற கட்டின்மை எண்ணுக்கு, 5 விழுக்காடு நிலையில், இருபக்கச் சோதனைக்கான மதிப்பு 2.365. கணக்கிட்ட மதிப்பு இதைவிடப் பெரியது. எனவே இரு முறைகளுக்கும் இடையே முறை சார்ந்த வேறுபாடு இல்லை என்ற கருதுகோள் மறுக்கப்படுகிறது. 2.365-ஐத் திட்டப் பிழையால் பெருக்கினால் 2.2 வரும். அதன்படி, சராசரி வேறுபாட்டின் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 1.8 முதல் 6.2 மி.கி./லி. வரை ஆகும்.

இதே எண்களை இணைக்காமல், இரு தனிக் குழுக்களாகக் கொண்டு சோதித்தால் திட்டப் பிழை 64 ஆக உயர்ந்து, டி-மதிப்பு 0.06 ஆகக் குறைந்துவிடும். வேறுபாடு இருப்பது அதில் தெரியவே தெரியாது.

ஆர் மென்பொருளில் இச்சோதனையைப் பின்வருமாறு செய்யலாம்.

```
a <- c(124,138,206,252,310,346,418,482)
b <- c(121,136,199,248,311,340,412,477)
t.test(a, b, paired = TRUE)
```

இதில் பி-மதிப்பு 0.0035 எனக் கிடைக்கும். முறைகளுக்கு இடையே உண்மையில் வேறுபாடு இல்லாதபோதும், இந்த அளவோ இதைவிட அதிகமாகவோ விலகிய முடிவு தற்செயலாகக் கிடைப்பதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அல்லது நான்கு முறை என்பது இதன் பொருள். இரு முறைகளும் சமமாக இருப்பதற்கான நிகழ்தகவு 0.0035 என்று கூறுவது தவறாகும்.

வேறுபாட்டின் காரணம்

எந்த முறை சரியானது என்பதை இச்சோதனை கூறாது. தரம்பார்த்தலில் நிறமாற்றத்தைத் தாண்டிச் சில துளிகளைக் கூடுதலாக விடுவது வழக்கமான பிழை. ஒரு துளி ஏறத்தாழ 0.05 மி.லி.; 50 மி.லி. மாதிரியில் இது 1 மி.கி./லி. ஆகும். எனவே 4 மி.கி./லி. என்பது நான்கு துளிகளுக்குச் சமம். காய்ச்சி வடித்த நீரைக் கொண்டு வெற்றுத் தரம்பார்த்தல் செய்தால் இப்பிழையைக் காணலாம். மறுபுறம், நிறமாலைமானியில் பாஸ்பேட்டு கால்சியத்தின் அளவைக் குறைத்துக் காட்டக்கூடும். இதைத் தடுக்க லாந்தனம் சேர்க்கப்படுகிறது. கடினத்தன்மை முன்பே தெரிந்த திட்டக் கரைசலை இரு முறைகளாலும் அளந்தால் பிழை எப்பக்கம் உள்ளது என்பது விளங்கும்.

அளக்கும் வரிசையும் கருதத்தக்கது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் புட்டியில் வைத்திருந்தால், கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக் கால்சியம் கார்பனேட்டு படியும். எப்போதும் இரண்டாவதாக அளக்கப்படும் முறை அதனால் குறைவாகக் காட்டும். அது முறையின் குறைபோலத் தோன்றும். மாதிரியை எடுத்தவுடன் நைட்ரிக் அமிலம் சேர்ப்பதும், எந்த முறையால் முதலில் அளப்பது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வதும் இதைத் தவிர்க்கும். அமிலம் சேர்த்த மாதிரியைத் தரம்பார்க்கும் முன் நடுநிலையாக்க வேண்டும்.

வரம்புகள்

வேறுபாடு தென்படவில்லை என்பதும் வேறுபாடு இல்லை என்பதும் ஒன்றல்ல. மேலுள்ள அட்டவணையில் முதல் மூன்று மாதிரிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், சராசரி வேறுபாடு அப்போதும் 4 தான். ஆனால் டி-மதிப்பு 2.62, அட்டவணை மதிப்போ 4.303. எனவே சோதனை வேறுபாட்டைக் காட்டாது. நம்பிக்கை இடைவெளி −2.6 முதல் 10.6 வரை விரிந்திருப்பது, மாதிரிகள் போதவில்லை என்பதை உணர்த்துகிறது.

வேறுபாடு எல்லாச் செறிவுகளிலும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும் என்று இச்சோதனை கொள்கிறது. ஒரு முறை மென்னீரில் கூடுதலாகவும் கடின நீரில் குறைவாகவும் காட்டினால், வேறுபாடுகள் ஒன்றையொன்று நீக்கிச் சராசரி சுழியாகிவிடும், சோதனை ஏமாற்றிவிடும். ஆகவே ஒவ்வொரு வேறுபாட்டையும் அம்மாதிரியின் சராசரிக்கு எதிராக வரைபடத்தில் குறித்துப் பார்க்க வேண்டும். பிளாண்ட், ஆல்ட்மன் ஆகியோர் 1986 ஆம் ஆண்டு லான்செட் இதழில் எழுதிய கட்டுரைக்குப் பின் இவ்வரைபடம் பரவலானது. புள்ளிகள் சாய்வாக ஏறினாலோ இறங்கினாலோ டி-சோதனை போதாது. தொடர்புப் போக்குப் பகுப்பாய்வு தேவைப்படும்.

அறிக்கையில் எழுதுதல்

அறிக்கையைப் படிப்பவர் புள்ளியியல் அறியாதவராக இருக்கலாம். அவருக்குத் தேவையானவை நான்கு: எது எதைவிட அதிகம், எவ்வளவு அதிகம், அந்த அளவு எவ்வளவு உறுதியானது, அதனால் முடிவு மாறுமா என்பன. எவ்வளவு வேறுபாட்டை ஏற்கலாம் என்பதை அளவீட்டுக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இங்கு அது 10 மி.கி./லி. எனக் கொண்டால் அறிக்கையின் வாசகம் இவ்வாறு அமையலாம்:

> எட்டு நீர் மாதிரிகளை இரு முறைகளாலும் அளந்தோம். தரம்பார்த்தல் முறை, நிறமாலைமானியைவிடச் சராசரியாக லிட்டருக்கு 4 மி.கி. அதிகமாகக் காட்டியது. உண்மையான சராசரி வேறுபாடு 2 முதல் 6 மி.கி. வரை இருக்கலாம். இது தற்செயலானது என்று கொள்ள இயலாது. எனினும் முன்பே வகுத்த 10 மி.கி. எல்லைக்குள் உள்ளது. கடினத்தன்மை 120 முதல் 480 வரையுள்ள நீருக்கு எந்த முறையையும் பயன்படுத்தலாம். 200-ஐ ஒட்டிய மாதிரிகளில் மட்டும் எந்த முறையால் அளக்கப்பட்டது என்பதைக் குறிப்பிட வேண்டும்.

இறுதி வாக்கியத்தின் தேவை திருவரங்கம் மாதிரியில் தெரிகிறது. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 (2012) மொத்தக் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க எல்லையாக 200 மி.கி./லி. என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்து 600 வரை என்றும் வகுத்துள்ளது. அம்மாதிரி ஒரு முறையில் 206, மற்றதில் 199. ஒரே கிணற்று நீர் ஓர் அறிக்கையில் எல்லையைத் தாண்டியதாகவும் மற்றொன்றில் எல்லைக்குள் இருப்பதாகவும் அமையும். "இரு முறைகளும் குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடுகின்றன (p < 0.05)" என்று மட்டும் எழுதினால் இச்செய்தி படிப்பவரைச் சென்றடையாது.

இவற்றையும் பார்க்கவும்

- திட்ட விலக்கம்
- நம்பிக்கை இடைவெளி
- நீரின் கடினத்தன்மை