பேராசிரியருக்கு முதல் மெயில்: இனிஷியலை என்ன செய்வது?

சோலூரில் இருந்து பஸ் பிடித்து ஊட்டி அரசு கலைக் கல்லூரிக்குப் போகும் முதலாண்டு மாணவருக்கு, நேரில் 'வணக்கம் சார்', 'குட்மார்னிங் மேம்' தாராளமாகப் போதும். வராண்டாவில் எதிரே வருபவர் போனில் பேசிக்கொண்டிருந்தால் ஒரு தலையசைப்பே சரி. குழப்பம் எல்லாம் மெயிலில்தான்.

துறைப் பலகையில் 'முனைவர் ஆர். கவிதா, உதவிப் பேராசிரியர்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம்மூரில் இந்த 'ஆர்' பெரும்பாலும் அப்பா பெயரின் முதலெழுத்து. அதனால் 'டியர் டாக்டர் ஆர்' என்றோ, அப்பா பெயரைத் தேடிப் பிடித்தோ எழுதினால் அது வேறொருவரைக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். 'மதிப்பிற்குரிய முனைவர் கவிதா அவர்களுக்கு, வணக்கம்' என்று தொடங்கலாம். ஆங்கிலத்தில் என்றால் 'டியர் டாக்டர் கவிதா'. 'மிஸஸ்' வேண்டாம், அவர் திருமணமானவரா என்பது நமக்குத் தேவையில்லாத விஷயம்.

'முனைவர்' என்பது பிஎச்.டி. முடித்தவருக்கு மட்டும். பலகையில் அது இல்லையென்றால் 'பேராசிரியர் கவிதா' என்று எழுதலாம். உதவிப் பேராசிரியரையும் அப்படி அழைப்பதுதான் வழக்கம். வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எழுதும்போது மட்டும் கதை மாறும். அங்கே பெரும்பாலும் கடைசியில் வரும் குடும்பப் பெயரைத்தான் சேர்க்க வேண்டும்.

அடுத்த வரியிலேயே பெயர், துறை, ஆண்டு, வருகை எண்ணைச் சொல்லிவிடுங்க. முதல் வாரத்தில் அவருக்கு உங்கள் முகமே மனதில் பதிந்திருக்காது. Subject இடத்தில் வெறும் 'ஹாய்' போட்டால் ஸ்பேம் என்று நினைத்து தாண்டிப் போகவும் வாய்ப்பு உண்டு. 'முதலாண்டு தமிழ், பாடநூல் சந்தேகம்' என்று போடுங்க. பதிலில் அவர் வெறும் 'கவிதா' என்று கையெழுத்திட்டாலும் நமக்கு அவர் மேம்தான்.