புதிய மெஷின் வாங்கும் முடிவு: மீட்புக் காலமும் வருவாய்க் கணக்கும்

ஒரு முதலீட்டில் போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பக் கைக்கு வரும் என்பதைச் சொல்வது மீட்புக் காலம். பல ஆண்டுகளுக்கு வரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, அதிலிருந்து முதலீட்டைக் கழித்தால் மிஞ்சுவது நிகர இன்றைய மதிப்பு. எந்த வட்டி வீதத்தில் அந்த மிச்சம் பூஜ்யமாகுமோ, அது அந்த முதலீட்டின் உள் வருவாய் வீதம். நிறுவனங்களின் 392 நிதித் தலைவர்களிடம் கேட்டு, கிரஹாம், ஹார்வி ஆகிய இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய நிறுவனங்கள் பின்னிரண்டு கணக்குகளையே அதிகம் நம்பின. சிறிய நிறுவனங்கள் மீட்புக் காலத்தையும் ஏறக்குறைய அதே அளவுக்குப் பயன்படுத்தின. எந்தச் சூத்திரம் சிறந்தது என்ற விவாதம் பழையது. சிறு தொழிற்கூடத்தைப் பொறுத்தவரை பிழை பெரும்பாலும் சூத்திரத்தில் நேர்வதில்லை. மெஷின் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் புதிய வேலை பார்க்கும் என்ற ஒற்றை எண்ணில்தான் நேர்கிறது.

பம்ப் செட் உதிரிபாகங்களை ஜாப் ஆர்டரில் கடைந்து கொடுக்கும் ஒரு கோயம்புத்தூர்ப் பட்டறையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். சிஎன்சி லேத் ஒன்றின் விலை 24 லட்சம் ரூபாய். அடித்தளம், ஸ்டெபிலைசர், கம்ப்ரசர், முதல் செட் டூல்கள் ஆகியவற்றுக்கு இன்னும் 3 லட்சம். கொட்டேஷனில் இந்த 3 லட்சம் இருக்காது. கணக்கில் இருந்தாக வேண்டும். 18 சதவீத ஜிஎஸ்டி, உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பும் என்பதால் செலவில் சேராது. ஆனாலும் முதலில் அதைக் கையிலிருந்து கட்ட வேண்டும். மணிக்குக் கிடைக்கும் ஜாப் கூலி 450 ரூபாய். அதில் மின்சாரம், இன்செர்ட், கூலண்ட் எல்லாம் சேர்ந்து 88 ரூபாய் போனால் 362 ரூபாய் நிற்கும். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஷிப்டுக்கு இரண்டு ஆபரேட்டர்களின் சம்பளமும் பராமரிப்புமாக மாதம் 41,600 ரூபாய் உண்டு. இவை எடுத்துக்காட்டுக்கான எண்கள். ஒவ்வொருவரும் தம் பட்டறையின் எண்களைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

25 நாள், நாளுக்கு 16 மணி என்று பெருக்கினால் மாதம் 400 மணி வரும். விற்பனையாளர் காட்டும் கணக்கு பெரும்பாலும் இதுதான். இதன்படி மாதம் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் மிஞ்சும். 24 லட்சம் இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும். செட்டிங் மாற்றுவது, பார் வராமல் காத்திருப்பது, மின்தடை, ஆள் வராத நாள் ஆகியவற்றைக் கழித்து 300 மணி என்று வைத்து, முதலீட்டையும் முழுதாக 27 லட்சமாக எடுத்தால், மாத மிச்சம் 67,000 ரூபாய். மீட்புக் காலம் 3 ஆண்டு 4 மாதம். 200 மணிதான் என்றால் மிச்சம் 30,800 ரூபாயாகச் சுருங்கி, மீட்புக் காலம் 7 ஆண்டைத் தாண்டிவிடும். வேலை நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் காத்திருக்கும் காலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. சம்பளம் வேலையோடு சேர்ந்து குறைவதில்லை என்பதே காரணம்.

ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போடுவதுதான் பயனுள்ளது. மெஷின் 8 ஆண்டு உழைக்கும், கடைசியில் 6 லட்சத்துக்குப் போகும், பட்டறைக்குப் பணத்தின் விலை ஆண்டுக்கு 14 சதவீதம் என்று கொள்வோம். 300 மணியில் நிகர இன்றைய மதிப்பு, வருமான வரிக்கு முன், ஏறக்குறைய 12.4 லட்சம், உள் வருவாய் வீதம் 26 சதவீதம். 200 மணியில் அதே மதிப்பு 7.75 லட்சம் நஷ்டமாக மாறுகிறது. இரண்டுக்கும் நடுவே லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்கும் இடம் மாதம் ஏறக்குறைய 240 மணி. பட்டறைக்காரர் பதில் தேட வேண்டிய கேள்வி இப்போது சிறியதாகிவிட்டது: 240 மணிக்குப் புதிய வேலை இருக்கிறதா?

இங்கே "புதிய" என்ற சொல்லை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரு புஷ்ஷுக்கு 4 நிமிடம் சைக்கிள், மாட்டிக் கழற்ற ஒரு நிமிடம். வாடிக்கையாளர் மாதம் 3,000 பீஸ் தருகிறார் என்றால் 250 மணி. எல்லையைத் தாண்டிவிட்டது போலத் தோன்றும். ஆனால் மாதம் 120 பீஸ் குறைந்தாலே 240 மணிக்கு இறங்கிவிடும். அந்த 3,000 பீஸில் 1,200 பீஸ் ஏற்கெனவே பழைய லேத்தில் ஓடிக்கொண்டிருந்தால், அந்த 100 மணிக்கான கூலி இந்த மெஷின் கொண்டுவந்த வருமானம் ஆகாது. பழைய லேத்தின் ஆளும் மின்சாரமும் மிச்சமானால் அந்த மிச்சத்தை மட்டும் வரவில் வைக்கலாம். பழைய லேத்துக்கு அன்று கொடுத்த விலையோ கணக்குப் புத்தகத்தில் நிற்கும் மதிப்போ இதில் சேராது. இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பது மட்டுமே சேரும்.

எட்டு ஆண்டை யார் கண்டார்கள், சிறு முதலாளிக்கு மீட்புக் காலமே போதாதா என்று கேட்பதில் நியாயம் உண்டு. பெரிய ஆர்டர் ஒன்று நின்றால் ஆட்டம் காணும் தொழிலில், பணம் சீக்கிரம் திரும்புவதே ஒரு பாதுகாப்பு. ஆனால் பணம் திரும்பிய பிறகு என்ன நடக்கும் என்பதை மீட்புக் காலம் பார்ப்பதேயில்லை. 13 லட்சத்தில் கிடைக்கும் செகண்ட் ஹேண்ட் மெஷின் ஒன்று, பழுது போக ஆண்டுக்கு 4.56 லட்சம் தந்து, 4 ஆண்டு ஓடி, 2 லட்சத்துக்கு விலைபோகும் என்றால் அதன் மீட்புக் காலம் 3 ஆண்டுக்கும் குறைவு. புதிய மெஷினை அது முந்துகிறது. நிகர இன்றைய மதிப்போ ஒன்றரை லட்சத்தை எட்டவில்லை; ஆயுள் வேறுபடுவதால் இரண்டையும் ஆண்டுக் கணக்காகப் பிரித்துப் பார்த்தாலும் புதியதற்கு 2.67 லட்சம், பழையதற்கு அரை லட்சம்தான். 300 மணி வேலை உறுதியாக இருப்பவர் மீட்புக் காலத்தை மட்டும் பார்த்துப் பழையதை வாங்கினால் இந்த வேறுபாட்டை இழக்கிறார். வேலை உறுதியில்லாதவருக்குக் குறைந்த பணத்தை முடக்கும் பழைய மெஷின் பொருத்தமாக இருக்கலாம்.

தவணை கட்ட முடியுமா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியோடு அதைக் கலந்துவிடுகிறவர்கள் பலர். 18 லட்சம் கடன், 11 சதவீதம், 5 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 39,000 ரூபாய். மிச்சத்திலிருந்து தவணையைக் கழித்துவிட்டு, மறுபடியும் 14 சதவீதத்தில் குறைத்தால் வட்டி இருமுறை கழிகிறது. நல்ல மெஷின்கூடக் கெட்டதாகத் தெரியும். தவணையைத் தனியாகப் பார்க்க வேண்டும். மெஷின் தன் தவணையைத் தானே கட்ட மாதம் 223 மணி ஓட வேண்டும். 200 மணியில் முதல் மாதத்திலிருந்தே மற்ற வேலைகளின் பணம் இதற்குள் போகும். சிறு தொழில்களுக்கான பாக்கியை அதிகபட்சம் 45 நாளில் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் சட்டம். நடப்பில் வாடிக்கையாளர் 90 நாள் எடுத்துக்கொண்டால், 300 மணிக்கான மூன்று மாதக் கூலி, அதாவது 4 லட்சம், எப்போதும் வெளியே நிற்கும். அதற்கும் பணம் ஏற்பாடு செய்துகொண்டுதான் மெஷினுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

வாங்காவிட்டால் இருக்கும் வாடிக்கையாளரே போய்விடுவாரே என்பது வலுவான மறுப்பு. டாலரன்ஸ் இறுகி, பழைய லேத்தில் பாகம் நிற்காத நிலை வந்திருந்தால் அது உண்மையும் கூட. அப்போது ஒப்பீடு இன்றைய நிலையோடு அல்ல, அந்த வேலையை இழந்த நிலையோடு. காப்பாற்றப்படும் மணிகளும் வரவில் சேரும். ஆனால் அதற்கு ரிஜெக்‌ஷன் பதிவேடோ வாடிக்கையாளரின் புதிய டிராயிங்கோ சான்றாக இருக்க வேண்டும். பயம் மட்டும் போதாது. சான்று இல்லாதவருக்கு நடுவழி ஒன்று உண்டு. மிஞ்சும் வேலையைப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்து வாங்கி, பாகம்வாரியாக பீஸும் நிமிடமும் எழுதி வரலாம். மணிக்கு 400 ரூபாய் கொடுத்து 450 வாங்கினால் லாபம் சொற்பம்தான். ஆனால் முதலீடு ஏதும் முடங்குவதில்லை. அந்த நோட்டில் நான்கு மாதம் தொடர்ந்து, ஒன்றுக்கு மேற்பட்ட வாடிக்கையாளரிடமிருந்து, 240ஐத் தாண்டிய மணிகள் தெரியும்போது கொட்டேஷன் கேட்கலாம்.